வேலை போன பிறகு சுயவிவரத்தில் என்ன எழுதுவது, கன்சல்டன்சியை எப்படித் தொடங்குவது

2024 மார்ச்சில் என் தோழி ஒருவருக்கு வேலை போனது. சென்னையில் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் பேரோல் பிரிவில் 13 ஆண்டுகள் இருந்தவர். அவர்கள் சென்னைப் பிரிவையே மூடிவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து, லிங்க்ட்இன்னில் போடப்போகும் சுருக்கத்தை என்னிடம் படிக்கக் கொடுத்தார். நம்மில் பலரும் ஆங்கிலத்தில்தான் எழுதுவோம். அவரும் அப்படித்தான் எழுதியிருந்தார். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"எதிர்பாராத விதமாக, என் தரப்பில் எந்தத் தவறும் இல்லாத நிலையில், நிறுவன மறுசீரமைப்பால் வேலையை இழக்க நேர்ந்தது. பேரோல், எச்.ஆர்., நிர்வாகம், பயிற்சி, எக்செல் ஆகியவற்றில் 13 ஆண்டு அனுபவம். முழு நேரம், பகுதி நேரம், கன்சல்டிங் எதுவானாலும் சரி. உடனே சேரத் தயார்."

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் படித்து முடித்ததும் மனதில் நிற்பது அவருடைய பதற்றம்தான். அந்தப் பதற்றம் வேலை போனதைச் சொன்ன வரியில் இருப்பதாக அவர் நினைத்தார், அதை எடுத்துவிடலாமா என்று கேட்டார். எனக்கு அப்படித் தெரியவில்லை. 'எதுவானாலும் சரி' என்ற வரிதான் முதல் குற்றவாளி. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் 'என் தரப்பில் எந்தத் தவறும் இல்லாத' இரண்டாவது. ஆட்குறைப்பு என்ற செய்தி மூன்றாவதுகூட இல்லை. கடந்த சில ஆண்டுகளாக ஐ.டி. வட்டாரத்தில் யாரையும் திடுக்கிட வைக்காத செய்தி அது.

அடுத்த ஐந்து மாதத்தில் அவர் தனியாகத் தொழில் தொடங்கி முதல் வேலையை முடித்தார். அதை வைத்தே வழியைச் சொல்கிறேன்.

எழுதுவதற்கு முன் காகிதங்களைப் பாருங்கள்

நம் ஊரில் ஆட்குறைப்பு பல சமயம் ஆட்குறைப்பு என்ற பெயரில் நடப்பதில்லை. எச்.ஆர். கூப்பிட்டு, 'நீங்களே ராஜினாமா கொடுத்துவிடுங்கள், இத்தனை மாதச் சம்பளம் தருகிறோம்' என்பார்கள். ரிலீவிங் லெட்டரில் ராஜினாமா என்றே இருக்கும். அப்படி இருக்க, உங்கள் சுருக்கத்தில் 'பணிநீக்கம் செய்யப்பட்டேன்' என்று எழுதினால், பின்னால் சரிபார்ப்பவர் பழைய நிறுவனத்துக்குப் போன் செய்யும்போது இரண்டும் ஒத்துப்போகாது. ராஜினாமா என்றிருந்தால் 'பிரிவு மூடப்பட்டபோது வெளியே வந்தேன்' என்று எழுதலாம். அது உண்மை, காகிதத்தோடும் முரண்படாது. பி.எஃப். இணையதளத்தில் உங்கள் பணி வரலாற்றில் வெளியேறிய தேதி ஏறியிருக்கிறதா, அது லெட்டரில் உள்ள தேதிதானா என்றும் பார்த்துவிடுங்கள். சுருக்கத்தில் போடும் மாதம் இந்த இரண்டோடும் பொருந்த வேண்டும்.

கன்சல்டன்சி எண்ணம் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வெளியே வரும்போது கையெழுத்துப் போட்ட தாளில் என்ன நிபந்தனைகள் இருக்கின்றன? வேலையை விட்ட பிறகு அதே தொழிலே செய்யக் கூடாது என்ற நிபந்தனை, 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி பொதுவாகச் செல்லாது. ஆனால் நிறுவனத்தின் ரகசியத் தகவல்களை எடுத்துப் பயன்படுத்தக் கூடாது என்பது செல்லும். பழைய வாடிக்கையாளர்களை இத்தனை மாதத்துக்கு அணுகக் கூடாது என்று இருந்தால், செல்லாது என்று அதை ஒதுக்கும் முன் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். தோழியின் தாளில் 12 மாதம் என்று இருந்தது. பழைய நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் யாரையும் தொடாமல், அங்கே கூட வேலை பார்த்து இப்போது வேறு இடங்களில் இருப்பவர்களை மட்டும் அணுகுவது என்று முடிவெடுத்தார்.

அந்த ஒரு வாக்கியம்

வேலை போனதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். எப்போது, எது மூடப்பட்டது என்ற இரண்டு தகவலோடு முற்றுப்புள்ளி வைத்துவிடுங்கள். தோழி கடைசியில் எழுதியது இது:

"2024 மார்ச்சில் நிறுவனம் தன் சென்னை பேரோல் பிரிவை மூடியது; அன்றுவரை அதில் மென்பொருள் மாற்றப் பணிகளுக்குப் பொறுப்பாக இருந்தேன்."

'என் தவறு இல்லை' என்று எழுதாமலே அது புரிகிறது, பிரிவே மூடப்பட்டுவிட்டதால். 'துரதிர்ஷ்டவசமாக' இல்லை, 'இதை ஒரு புதிய தொடக்கமாகப் பார்க்கிறேன்' என்ற சமாதானமும் இல்லை. பிரிவு முழுக்க மூடப்படாமல் சிலரை மட்டும் நீக்கியிருந்தால் கொஞ்சம் சங்கடம்தான். அப்போதும் 'குழுவின் அளவைக் குறைத்தபோது என் பணியிடமும் நீக்கப்பட்டது' என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். எத்தனை பேர் போனார்கள் என்ற எண்ணை, செய்தியில் வெளிவந்திருந்தால் மட்டும் போடுங்கள். நீங்களாக ஒரு எண்ணைச் சொன்னால் உள்விஷயத்தை வெளியே சொல்பவராகத் தெரிவீர்கள். அப்புறம் உங்களிடம் யார் சம்பளப் பட்டியலைக் கொடுப்பார்கள்?

அந்த வாக்கியத்தை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். லிங்க்ட்இன்னில் About பகுதிக்கு 2,600 எழுத்துகள்வரை இடம் உண்டு. ஆனால் படிப்பவர் விரித்துப் பார்க்கும்வரை முதல் சில வரிகள்தான் தெரியும். அந்த வரிகளில் உங்கள் வேலை இருக்க வேண்டும். வேலை போன கதை மூன்றாவது பத்தியில், பழைய பணியைப் பற்றிச் சொல்லும் இடத்தில் வரட்டும். அங்கே படிப்பவருக்கு 'சரி, இப்போது அங்கே இல்லை, ஏன்?' என்ற கேள்வி இயல்பாக எழும். பதிலும் பக்கத்திலேயே இருக்கும்.

படத்தைச் சுற்றி வரும் பச்சை வளையம், அதாவது Open to Work, வேலை தேடுபவருக்கு நல்ல கருவி. அதை வைத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் கன்சல்டன்ட் என்று தலைப்பில் போட்டுவிட்டு வளையத்தையும் வைத்தால், ஆலை முதலாளி ஒருவர் 'இவர் பாதியில் விட்டுவிட்டுப் போய்விடுவார்' என்றுதான் எடுத்துக்கொள்வார். இரண்டையும் ஒரே நேரத்தில் முயல்வதென்றால், ஆட்சேர்ப்பாளர்களுக்கு மட்டும் தெரியும்படி அமைப்பை மாற்றிவிடுங்கள், வளையம் மறைந்துவிடும்.

எந்த வேலையை விற்கப் போகிறீர்கள்

சுருக்கத்தைத் திருத்த உட்கார்ந்தபோதுதான் உண்மையான சிக்கல் தெரிந்தது. தோழியால் முதல் மூன்று வரிகளை எழுத முடியவில்லை. 13 ஆண்டில் செய்ததெல்லாம் தெரியும், எதை விற்கிறோம் என்று தெரியாது. இங்கே ஒரு வாரம் செலவழித்தோம். அந்த வாரம் வீண் என்று அவருக்குக் கோபம்கூட வந்தது.

செய்தது எளிய காரியம். கடைசி நான்கு ஆண்டில், மற்றவர்கள் இவரைத் தேடி வந்து கேட்ட வேலைகளைப் பட்டியல் போடச் சொன்னேன். மாதச் சம்பளம் போடுவதற்கு யாரும் இவரைத் தேடவில்லை, அதற்கு நிறைய ஆள் உண்டு. ஒரு நிறுவனம் பழைய பேரோல் மென்பொருளிலிருந்து புதியதுக்கு மாறும்போது மட்டும் எல்லாரும் இவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அப்படி 11 மாற்றங்களைச் செய்திருக்கிறார். ஆக, விற்கும் பொருள் அதுதான்: 100 முதல் 400 பேர் வேலை செய்யும் தொழிற்சாலைகள் பேரோல் மென்பொருளை மாற்றும்போது, இரண்டு மாதம் பழையதிலும் புதியதிலும் சம்பளத்தை ஓட்டி, வித்தியாசத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்து தருவது.

இவ்வளவு குறுக்கினால் ஆள் கிடைக்குமா என்று பயம் வரும். ஆனால் குறுக்கிச் சொன்னால்தான் கேட்பவருக்கு யாரிடம் உங்களை அனுப்புவது என்று ஞாபகம் வரும். 'எச்.ஆர். தொடர்பான எல்லாம்' என்றால் யார் முகமும் நினைவுக்கு வராது. 'பேரோல் மென்பொருள் மாற்றம்' என்றால், 'அட, அம்பத்தூரில் நம்ம ஆள் ஒருவர் அதைத்தான் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தார்' என்பார்கள். முதல் வேலை அப்படித்தான் வந்தது.

அடுத்தது, நீங்கள் விற்கும் வேலையை நெருக்கத்தில் காட்டும் ஒரு உதாரணம். 'விரிவான அனுபவம்', 'முடிவுகளில் கவனம்' என்பதெல்லாம் எல்லார் சுருக்கத்திலும் இருக்கும், யாரும் படிப்பதில்லை. தோழி சொன்னது இது. ஒரு தொழிலாளியின் சம்பளம் ஜூலையில் 20,400 ரூபாயிலிருந்து 21,600 ஆகிறது. தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.க்குச் சம்பள வரம்பு 21,000. புதிய மென்பொருள் அந்த மாதமே பிடித்தத்தை நிறுத்திவிடுகிறது. ஆனால் விதி அப்படி இல்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர்வரை ஒரு பங்களிப்புக் காலம். நடுவில் வரம்பைத் தாண்டினாலும் செப்டம்பர்வரை பிடிக்க வேண்டும். தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம், அதாவது 162 ரூபாய். முதலாளியின் பங்கு 3.25 சதவீதம், 702 ரூபாய். தொகை சின்னதுதான். ஆனால் சம்பள உயர்வு ஒரே மாதத்தில் பலருக்கு வரும். இன்ஸ்பெக்ஷன் வரும்போதுதான் நிலுவை தெரியும், வட்டியோடு. இரண்டு மென்பொருளிலும் ஒரே மாதத்தை ஓட்டிப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

இதை அப்படியே சுருக்கத்தில் மூன்று வரியாகப் போட்டோம். சம்பளப் பட்டியலோடு மல்லுக்கட்டும் ஒருவர் இதைப் படித்தால் உடனே தன் ஆலையில் இப்படி யாராவது இருக்கிறார்களா என்று பார்ப்பார். 'உடனே சேரத் தயார்' என்பதைப் படித்தால் ஒன்றும் செய்யமாட்டார்.

இதோடு இரண்டு சின்ன விஷயங்கள். தனியாளாக இருக்கும்போது 'நாங்கள்' என்று எழுதாதீர்கள். நிறுவனர் மற்றும் தலைமைச் செயல் அதிகாரி என்று போடாதீர்கள். மூன்றாவது கேள்வியிலேயே அலுவலகம் எங்கே, எத்தனை பேர் என்று வந்துவிடும், அப்போது குரல் இறங்கும். 'பேரோல் மாற்றக் கன்சல்டன்ட், சென்னை' என்பது போதும்.

எவ்வளவு கேட்பது

பதற்றம் வெளிப்படும் இன்னொரு இடம் விலை. தோழியின் பழைய மாதச் சம்பளம் 1,10,000. அதை 22 வேலை நாட்களால் வகுத்து, 'ஒரு நாளைக்கு 5,000 கேட்கிறேன்' என்றார். வேலையில் இருந்தவர்கள் ஏறக்குறைய எல்லாரும் செய்யும் தவறு இது. கன்சல்டன்டுக்கு மாதம் 22 நாளும் காசு வராது. ஆள் தேடுவது, பேசுவது, கொட்டேஷன் போடுவது, பணத்துக்கு அலைவது எல்லாம் சம்பளமில்லா நாட்கள். மாதம் பத்து நாள் விற்றால் நல்ல மாதம். ஆண்டுக்கு 120 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஆண்டு வருமானம் 13,20,000. மருத்துவக் காப்பீடு, பயணம், மென்பொருள், ஆடிட்டர் செலவு என்று இன்னொரு 1,20,000. நிறுவனம் கொடுத்த காப்பீடு வேலையோடு போய்விடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மொத்தம் 14,40,000. இதை 120ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 12,000 ரூபாய். 5,000 கேட்டிருந்தால், எல்லாம் நன்றாக நடந்தாலும் ஆண்டுக்கு ஆறு லட்சம்தான்.

அம்பத்தூர் ஆலையில் 180 பேர். வேலையைப் பிரித்துப் பார்த்ததில் 11 நாள் என்று வந்தது, 1,32,000 ரூபாய். எதிர்பார்த்தபடியே 'கொஞ்சம் பார்த்துப் போடுங்கம்மா' என்றார்கள். இங்கேதான் கவனம் வேண்டும். அதே வேலையை உடனே குறைந்த விலைக்குச் செய்கிறேன் என்றால், முதலில் சொன்ன விலை கற்பனை என்று ஆகிவிடும். வேலையைக் குறைத்து விலையைக் குறையுங்கள். பழைய மூன்று ஆண்டுத் தரவை ஏற்றும் ஒரு நாளையும், பணியாளர்களுக்கான பயிற்சி ஒரு நாளையும் எடுத்துவிட்டார். ஒன்பது நாள், 1,08,000. நாள் கணக்கு 12,000 என்பது மாறவில்லை. ஒப்புக்கொண்டார்கள்.

பணத்தை மூன்று பங்காகக் கேட்டார்: தொடங்கும் முன் 40 சதவீதம், முதல் மாத ஒப்பீடு முடிந்ததும் 40, கடைசியில் 20. அட்வான்ஸ் 43,200க்குப் பில் போட்டார், கைக்கு வந்தது 38,880. பதறிப்போய் எனக்குப் போன் செய்தார். ஒன்றுமில்லை, தொழில்முறைக் கட்டணம் என்பதால் 10 சதவீதம், 4,320 ரூபாய், டி.டி.எஸ். பிடித்திருக்கிறார்கள். அது வருமானவரித் துறையில் அவர் பெயரில் ஏறும், கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். அப்போது ஆண்டுக்கு 30,000க்கு மேல் போனால் பிடிப்பார்கள். 2025 ஏப்ரலில் அந்த வரம்பு 50,000 ஆனது. புதிதாகத் தொடங்குபவர்கள் வீட்டுச் செலவுக் கணக்கில் இந்தப் பத்து சதவீதத்தை முதலிலேயே கழித்துவிட வேண்டும்.

ஜி.எஸ்.டி. பற்றி ரொம்பக் குழம்ப வேண்டாம். சேவைத் தொழிலுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை பொதுவாகப் பதிவு கட்டாயமில்லை. பதிவு இல்லாமல் பில்லில் ஜி.எஸ்.டி. போட்டு வசூலிப்பது தவறு, அதை மட்டும் செய்யாதீர்கள். தனி நபர் தொழிலாகவே தொடங்கலாம், கம்பெனி பதிவு செய்துவிட்டுத்தான் முதல் வாடிக்கையாளரைத் தேட வேண்டும் என்பதில்லை.

முதல் செய்தி

தொடர்பில் இருக்கும் 300 பேருக்கும் ஒரே செய்தியை அனுப்பாதீர்கள். தோழி 20 பேரைத் தேர்ந்தெடுத்தார், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பேருக்கு எழுதினார். முன்பு கூட வேலை பார்த்து, இப்போது ஒரு தொழிற்பேட்டையில் எச்.ஆர். மேலாளராக இருப்பவருக்கு அனுப்பியது:

"வணக்கம் சார், நல்லா இருக்கீங்களா? மார்ச்சில் எங்க சென்னைப் பிரிவை மூடிட்டாங்க. இப்ப பேரோல் மென்பொருள் மாத்துற ஆலைகளுக்கு, இரண்டு மாசம் ஒப்பிட்டுச் சரிபார்த்துக் கொடுக்கிற வேலையைத் தனியா எடுத்துச் செய்றேன். உங்க பக்கம் யாராவது இந்த வருஷம் மாத்தப் போறாங்கன்னா, அவங்க அக்கவுன்ட்ஸ் மேலாளர்கிட்ட என்னை ஒரு வார்த்தை அறிமுகப்படுத்த முடியுமா?"

'ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க சார்' என்பதற்குப் பதில் சொல்வது கஷ்டம். உதவ நினைப்பவருக்கே என்ன செய்வது என்று தெரியாது, சங்கடத்தில் பேசாமல் இருந்துவிடுவார். மேலே உள்ளதற்கு ஆமாம், இல்லை என்று எளிதாகச் சொல்லிவிடலாம். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம். 20 பேரில் ஏழு பேர் பதில் போட்டார்கள், இரண்டு பேர் அறிமுகம் செய்தார்கள், ஒன்று வேலையானது.

நேரில் கேட்டால்

அம்பத்தூர் ஆலை முதலாளி சுற்றி வளைக்கவில்லை. காபி வந்ததும் கேட்டார், 'என்னம்மா, அங்கே வேலையிலிருந்து எடுத்துட்டாங்களா?'

"ஆமாங்க சார், மார்ச்சில் அந்தப் பிரிவையே மூடிட்டாங்க. உங்க ஆலையில் இ.எஸ்.ஐ. வரம்புக்குப் பக்கத்துல எத்தனை பேர் இருப்பாங்க?"

முதல் வாக்கியம் சுருக்கத்தில் எழுதியதேதான். இரண்டாவது வாக்கியம் பேச்சை வேலைக்குக் கொண்டுவருகிறது. இதை வீட்டில் இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கச் சொல்லியிருந்தேன், ஏனென்றால் எழுத்தில் அடங்கிய வருத்தம் பேச்சில் எட்டிப்பார்க்கும். பழைய மேலாளரைப் பற்றி ஒரு வார்த்தை வந்தாலும் போச்சு.

அவர் அடுத்துக் கேட்டதுதான் அவர் மனதில் இருந்த கேள்வி: 'நாளைக்கே ஒரு நல்ல வேலை கிடைச்சா எங்களை விட்டுட்டுப் போயிடுவீங்களா?' அந்தரங்கமாகத் தோழி வேறு வேலைக்கும் விண்ணப்பித்துக்கொண்டுதான் இருந்தார். 'போகவே மாட்டேன்' என்று சத்தியம் செய்வது பொய்யாகியிருக்கும். சொன்னது இது: 'இந்த வேலைக்கு ஆகஸ்ட் 31 கடைசி நாள்னு கொட்டேஷன்லயே போட்டிருக்கேன் சார். அதுக்கு முன்னாடி எங்கேயும் சேர மாட்டேன்.' முடிவு தேதி இருக்கும் வேலையை எடுத்ததால் இந்தப் பதிலைக் கண்ணைப் பார்த்துச் சொல்ல முடிந்தது. தேதி இல்லாமல் மாதக் கட்டணத்துக்குப் போயிருந்தால் முடிந்திருக்காது.

ஜூலை ஒப்பீட்டில், தோழி சொன்ன அதே இ.எஸ்.ஐ. பிழை 14 பேருக்கு இருந்தது. சரிசெய்து, ஆகஸ்டில் மறுபடி ஓட்டி, வித்தியாசம் பூஜ்யம் என்று காட்டிவிட்டு வெளியே வந்தார். கடைசி 20 சதவீதம் செப்டம்பர் மூன்றாம் வாரம்தான் வந்தது, இரண்டு போனுக்குப் பிறகு.

பணம் வந்த அன்று சுருக்கத்தை மறுபடி திருத்தினோம். மார்ச் மாத வாக்கியத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் '2024 ஜூலை, ஆகஸ்டில் 180 பேர் கொண்ட ஆலையின் மென்பொருள் மாற்றத்தை முடித்துக் கொடுத்தேன்' என்று போட்டார், ஆலையின் பெயரில்லாமல், அவர்களிடம் கேட்டுக்கொண்டு. பணி அனுபவப் பட்டியலில் பழைய வேலை 2024 மார்ச்சில் முடிவது அப்படியே இருக்கிறது. யாராவது கேட்டால் அதே ஒரு வாக்கியத்தைச் சொல்கிறார்.